கரண்ட் வாற நேரத்துக்கு பம்ப் ஆக்கள எப்பிடி போடுறது: புதுசா தோட்டம் பாக்கிறவங்களுக்கு

கரண்ட் வந்தா மோட்டர போடு, போனா வீட்ட போ, இதுக்கு என்ன டைம் டேபிள் எண்டுதான் புதுசா தோட்டம் எடுத்த ஆக்கள் கேப்பாங்க. ரெண்டு கிழமை அப்பிடி ஓட்டிப் பாத்தா தெரியும், கரண்ட் வந்த நேரம் ஆள் இல்ல, ஆள் வந்த நேரம் கரண்ட் இல்ல, ரெண்டும் இரிக்கிற நேரம் கிணத்துல தண்ணி இல்ல. சிறுபோகத்துல கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா பயிர் அதுக்கெல்லாம் நிண்டு பாத்துக்கொண்டிரிக்காது.

நான் எழுதுறது மட்டக்களப்பு, அம்பாறை பக்கம் கிணத்துல இருந்து சிங்கிள் பேஸ் மோட்டரால தண்ணி எடுத்து மேட்டுநிலப் பயிர் செய்யிற ஒரு நடுத்தரத் தோட்டத்துக்கு. வாய்க்கால் தண்ணியில வேளாண்மை செய்யிறவங்களுக்கு இது பொருந்தாது, அவங்களுக்கு குளத்து மடை திறக்கிற நாள்தான் கணக்கு.

கரண்ட் வெட்டு எண்டா எல்லாருக்கும் 2022தான் ஞாபகம் வரும். ஏ, பி, சி எண்டு ஊர் ஊரா எழுத்துக் குடுத்து நேரம் பிரிச்சு வெட்டினாங்க, அந்த மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போச்சு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க கரண்ட் போன பிறகும் கொஞ்ச நாளைக்கு ஒண்டரை மணித்தியால வெட்டு வந்திச்சு. ஆனா அப்பிடி அறிவிச்ச வெட்டு இல்லாத காலத்துலயும் தோட்டக்காரனுக்கு முழு நாளும் கரண்ட் இரிக்கெண்டு சொல்ல ஏலாது. லைன் வேலைக்கு பகல் முழுக்க நிப்பாட்டுவாங்க, காத்துக்கு மரம் விழும், பின்னேரம் ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும் ஊரே லைட்டும் ஃபேனும் போட்டா கடைசிக் கம்பத்துல இரிக்கிற உங்கட மோட்டருக்கு வோல்டேஜ் வந்து சேராது. அதனால முதல் வேலை கரண்ட் இரிக்கிற நேரத்தயும் மோட்டர் ஓட்டக்கூடிய நேரத்தயும் வேற வேறயா பிரிக்கிறது.

முதல்ல ஒரு கொப்பி

ஒரு சிஆர் கொப்பி வாங்கி மோட்டர் கொட்டிலுக்குள்ள ஆணியில கட்டித் தொங்க விடுங்க, பேனயும் நூல்ல கட்டணும், இல்லாட்டி ரெண்டாம் நாளே காணாமப் போயிரும். பத்துப் பன்னிரெண்டு நாளைக்கு கரண்ட் வந்த நேரம், போன நேரம், வந்து பத்து நிமிசத்துக்குப் பிறகு வோல்டேஜ் எவ்வளவு, நடு நேரத்துல எவ்வளவு எண்டு எழுதிக்கொண்டு வாங்க. சுவர்ல பூட்டுற சின்ன வோல்ட் மீட்டர் ஒண்டு பெரிய விலையில்ல, அத சுவிட்சுக்கு முன்னால பூட்டினா மோட்டர் போடாமலே பாக்கலாம். மோட்டர் ஓடக்குள்ளயும் ஒருக்கா பாருங்க, ஏனெண்டா சும்மா இரிக்கக்குள்ள 225 காட்டுற லைன் மோட்டர் போட்ட உடன 200க்கு இறங்கிற வேலையும் நடக்கும். கொட்டிலுக்கு இழுத்த வயர் மெல்லிசா நீளமா இரிந்தா இது கட்டாயம் வரும், அதுக்கு மின்சார சபைய ஏசிப் பிரயோசனமில்ல, வயர மாத்தணும்.

இஞ்ச சப்ளை 230 வோல்ட் கணக்கு. மோட்டர் ஓடிக்கொண்டிரிக்கக்குள்ள 210க்கு கீழ வந்தா நிப்பாட்டச் சொல்லி நான் ஆக்களுக்குச் சொல்றது. மீட்டர் இல்லாட்டியும் தெரியும், மோட்டர் சத்தம் இறுகி உறுமுற மாதிரி வரும், பைப்புல தண்ணி விழுற தூரம் குறையும், பொடியில கை வெச்சா வெக்க முடியாத சூடு. சுவிட்ச் போட்டு உறுமிக்கொண்டு சுத்தாம நிண்டா உடனே அமத்தணும், இன்னொருக்கா பாப்பம் இன்னொருக்கா பாப்பமெண்டு போட்டுக்கொண்டே இரிந்தா கப்பாசிட்டரும் போகும் கொயிலும் போகும்.

வெட்டு நேரத்த அறிய மின்சார சபையிட ஆப் இரிக்கு, 1987க்கு கோல் எடுக்கலாம், ஆனா ரெண்டையும் விட பக்கத்து தோட்டக்காரரோட ஒரு வட்ஸ்அப் குரூப் வெச்சிரிக்கிறது வேகம். அதோட கொட்டிலுக்கு வெளிய உயரமா ஒரு சிவப்பு பல்ப் சுவிட்சுக்கு முன்னால இருந்து எடுத்துப் போடுங்க. ரோட்டால வாற உங்கட ஆள் சைக்கிள விட்டு இறங்காமலே பாத்திட்டுப் போவான்.

மறுகா மோட்டரும் கிணறும்

ஆள் போடுறதுக்கு முதல் எத்தின மணித்தியாலம் ஓடணும் எண்டு தெரியணும். இத கடைக்காரன் சொல்ற அளவுல செய்யாதீங்க, பெட்டியில எழுதியிரிக்கிறது தண்ணி மேலயும் தூரமும் போகாட்டி வாற அளவு. 200 லீற்றர் பரல் ஒண்ட பயிருக்கு தண்ணி விழுற இடத்துல வெச்சு, போன்ல நேரம் பாருங்க. 50 செக்கன்ல நிரம்பினா மணித்தியாலத்துக்கு 14,400 லீற்றர். கிணத்துல தண்ணி இறங்கினா மோட்டர் கூட தூரம் இழுக்கணும், அப்ப தண்ணி குறையும், அதனால ஓடத் தொடங்கின நேரம் ஒருக்கா, நிப்பாட்டப் போற நேரம் ஒருக்கா அளந்து ரெண்டுக்கும் நடுவுல உள்ளத எடுங்க.

பயிருக்கு எவ்வளவு வேணும்? மழையில்லாத, காத்துள்ள சிறுபோகத்துல வளந்த பயிருக்கு நாளொண்டுக்கு ஒரு 5 மில்லிமீற்றர் எண்டு வெச்சா கணக்கு சுகமா வரும், ஒரு ஏக்கருக்கு அது 20,000 லீற்றர். சாலால தண்ணி கட்டுறதெண்டா வழியில ஊறுறது, கடைசியில நிரம்பி வழியிறது எல்லாம் சேத்து 25,000 எண்டு போடுங்க. இது நாள் கணக்கு, ஆனா ஒவ்வொரு நாளும் ஏக்கர் முழுக்க தண்ணி கட்டணும் எண்டு இல்ல. கரடியனாறு, உன்னிச்சைப் பக்கத்து செம்மண் கலந்த மண் நாலைஞ்சு நாளைக்கு ஈரம் புடிச்சிரிக்கும், அதனால ஏக்கர நாலு பங்கா பிரிச்சு நாளைக்கு ஒரு பங்குக்கு நாலு நாள் தண்ணிய ஒண்டாக் குடுக்கலாம். களுதாவளை, தேத்தாத்தீவு மணலுக்கு இந்த வேலை சரிவராது, அது குடுத்த தண்ணிய கீழ விட்டிரும், அங்க கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுக்கணும். அதனால ஒரு கரண்ட் நேரம் தவறினாலே மணல் தோட்டக்காரனுக்கு பயம்.

அடுத்தது கிணறு. இத மறந்திட்டுத்தான் கன பேர் டைம் டேபிள் போடுறது. 20 அடி அகலமான வட்டக் கிணத்துல ஒரு அடி தண்ணியெண்டா கிட்டத்தட்ட 8,900 லீற்றர். விடிய 7 அடி தண்ணி நிக்குதெண்டு வைங்க, பூட் வால்வுக்கு மேல 2 அடி எப்பவும் விடணும், இல்லாட்டி சுழிச்சு காத்த இழுக்கும், அப்ப பாவிக்கிறது 5 அடி, 44,500 லீற்றர். அந்த 14,400 மோட்டருக்கு அது மூண்டு மணித்தியாலம். கரண்ட் நாலரை மணித்தியாலம் தொடந்து நிண்டாலும் கிணறு மூண்டுக்குத்தான் தரும், ஊத்து நல்லமெண்டா கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான். ஒரு நைலோன் கயித்துல அடிக்கு அடி முடிச்சுப் போட்டு கல்லக் கட்டி இறக்கினா அளவு தெரியும். மோட்டர் நிப்பாட்டின உடன ஒருக்கா, ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒருக்கா பாத்தா ஊத்து எவ்வளவு ஏறுதெண்டும் வரும். ஆடி ஆவணியில திரும்பப் பாருங்க, சித்திரையில ஏறின மாதிரி ஏறாது.

ஒரு தோட்டத்த எடுத்துப் போட்டுப் பாப்பம்

கணக்குக்கு ரெண்டரை ஏக்கர் எடுப்பம், படுவான்கரைப் பக்கம். ஒரு ஏக்கர் கொச்சிக்கா, ஒரு ஏக்கர் கச்சான், அரை ஏக்கர் வெண்டி. மேல சொன்ன அதே கிணறு, அதே மோட்டர். கொச்சிக்காய நாலு பங்கு, கச்சான அஞ்சு பங்கு, நாளைக்கு ஒவ்வொரு பங்கு. நாள் தேவை கொச்சிக்காக்கு 25,000, அதாவது ஒண்டே முக்கால் மணித்தியாலம், கச்சானுக்கும் அதே ஒண்டே முக்கால், வெண்டிக்கு 50 நிமிசம். மொத்தம் நாலு மணித்தியாலம் இருவது நிமிசம்.

கொப்பியப் பாத்தா கரண்ட் விடிய 8 மணிக்கு வெட்டி 10.30க்கு வருது, மறுகா 3 மணிக்கு வெட்டி 5 மணிக்கு வருது. பின்னேரம் 6.30ல இருந்து 10.30 வரைக்கும் கரண்ட் இரிக்கு ஆனா 195, 200 எண்டு நிக்கும், அது கணக்குல இல்ல. ராவு பத்தரைக்குப் பிறகு வோல்டேஜ் 230க்கு மேல, அருமையான கரண்ட், ஆனா அந்த நேரம் வட்டைக்குள்ள யானை நிக்கும். புதுசா வாற ஆக்கள், அதுவும் டவுன்ல இருந்து வாற ஆக்கள், ராக் கரண்டக் கண்டு ஆசப்பட்டு ஆள் போடுவாங்க. படுவான்கரையிலயும் அம்பாறை உள்பக்கத்துலயும் ஒரு மனிசன தனிய ராவுல மோட்டர் கொட்டிலுக்கு அனுப்புறது வேணாம், அவர் தானா போறேன் எண்டாலும் வேணாம். களுதாவளை மாதிரி வீடும் தோட்டமும் ஒட்டியிரிக்கிற ஊரெண்டா அது வேற கதை, அங்க ராவு பத்தரையிலயும் ஓட்டலாம்.

பின்னேரம் 5ல இருந்து 6.30 வரைக்கும் உள்ள சின்ன நேரத்தயும் விட்டா, ஆக மிஞ்சுறது ரெண்டு துண்டு. விடிஞ்சதுல இருந்து 8 மணி வரைக்கும், பத்தரையில இருந்து 3 மணி வரைக்கும். முதல் துண்டுல 6 மணிக்குப் போட்டா 7.45க்கு கொச்சிக்கா முடியும், கால் மணித்தியாலம் மிச்சம். கிணறு கிட்டத்தட்ட 3 அடி இறங்கியிரிக்கும். கரண்ட் 10.30க்கு வந்தாலும் உடனே போடுறதில்ல, 12 மணிக்குத்தான் போடுறது, ஏனெண்டா ரெண்டாவது துண்டுக்கு வேணும் 37,500 லீற்றர், அது 4 அடிக்கு கொஞ்சம் மேல, கிணத்துல நமக்கெண்டு கிடக்கிறது ரெண்டு அடிதான், அதனால 7.45ல இருந்து 12க்குள்ள இன்னும் ரெண்டு அடியாவது ஏறணும். 12ல இருந்து 1.45 கச்சான், மறுகா 2.35 வரைக்கும் வெண்டி, வெட்டுக்கு முதல் 25 நிமிசம் கையில இரிக்கும். கொச்சிக்காய விடியத்துக்கு வெச்சதுக்கு காரணம் இரிக்கு. அது பூக்கிற நேரம் தண்ணி பிந்தினா பூ கொட்டும், அதனால நம்பிக்கையான துண்டு அதுக்குத்தான். உங்கட கொப்பியில விடியத் துண்டு அடிக்கடி தவறுதெண்டா மாத்திப் போடுங்க. 10.30 – 12 சும்மா கிடக்கிற நேரமில்ல, விடிய கரண்ட் வராம விட்டா அதுதான் ரிசேவ். அந்த நாளைக்கு பத்தே முக்காலுக்கே போட்டு கொச்சிக்கா பங்க முதல்ல முடிக்கணும். விடிய ஒண்டும் எடுக்காததால கிணறும் நிறஞ்சிரிக்கும், ஆனா மொத்தமா எல்லாத்துக்கும் தராது. வெண்டி அடுத்த நாளைக்கு.

இப்ப ஆக்கள்

ஒரு துண்டுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் மோட்டர், மற்றவர் மம்பட்டியோட தண்ணி கட்டுறவர். ஒருத்தரே ரெண்டும் பாப்பார் எண்டு மிச்சம் புடிக்கப் பாக்காதீங்க, கரண்ட் நல்லா நிக்கிற ஊர்ல சரிவரும், இஞ்ச வோல்டேஜ் இறங்கிற நேரம் அவர் தோட்டத்திட மற்ற மூலையில சால் மாத்திக்கொண்டு நிப்பார்.

மோட்டர் ஆள் கரண்ட் வாறதுக்கு முதல் வரணும், பதினைஞ்சு நிமிசமாவது. பூட் வால்வ் ஒழுகினா பைப்புக்குள்ள நிண்ட தண்ணி கிணத்துக்கே இறங்கியிரிக்கும், மூடியத் திறந்து வாளியால ஊத்தி நிரப்பணும், அந்த வேலைய கரண்ட் வந்த பிறகு செய்தா மோட்டர் ஓடுற நேரத்துல கால் மணித்தியாலத்த தின்டுரும். தண்ணி கட்டுறவர் வந்து மடை எங்க திறந்திரிக்கு, நேத்து எங்க விட்டது எண்டு பாத்து வைக்கணும். கரண்ட் வந்த உடன சுவிட்ச் போடக்கூடாது, பத்து நிமிசம் பொறுக்கணும். அந்த நேரம் ஊரெல்லாம் ஒரேயடியா பிரிட்ஜும் மோட்டரும் அரிசி மில்லும் எழும்பும், வோல்டேஜ் ஆடும், வந்த கரண்ட் திரும்பப் போறதும் உண்டு.

கரண்ட் போன உடன மோட்டர் ஆள் செய்யிற முதல் வேலை சுவிட்ச அமத்துறது. வீட்ட போகணும் தேத்தண்ணி குடிக்கணும் எண்ட அவசரத்துல அப்பிடியே விட்டிட்டுப் போனா, கரண்ட் திரும்பி வந்து ஆளில்லாத தோட்டத்துல மோட்டர் தானா ஓடும், கிணறு இறங்கினதும் வெறும ஓடி சீல் எரியும். பின்னேர லோ வோல்டேஜ்ல வந்தா இன்னும் மோசம். இதுக்குத்தான் கொப்பியில கடைசிக் கட்டத்துல "சுவிட்ச் அமத்தினது யார்" எண்டு ஒரு கோடு வெச்சிரிக்கிறது, கையெழுத்துப் போட்டா ஆள் மறக்க மாட்டார்.

மேல சொன்ன தோட்டத்துக்கு மூண்டு பேர் போதும். தண்ணி கட்டுறதுக்கு கைப்பழக்கம் உள்ள ஒரு மாமா, அவர் ரெண்டு துண்டுக்கும் வருவார். பக்கத்துல வீடுள்ள ஒரு தம்பி, அவர் விடிய மோட்டர். ஏறாவூர்ல இருந்து மோட்டர்சைக்கிள்ல வாற ஒரு காக்கா, அவர் மத்தியான மோட்டர், ஏனெண்டா விடிய 5.45க்கு இருட்டோட அவ்வளவு தூரம் வரச்சொல்றது சரியில்ல. வெள்ளிக்கிழமை மட்டும் மாத்தணும், ரெண்டாவது துண்டு சரியா ஜும்மா நேரத்துல விழுது, அதனால வெள்ளி காக்கா விடியலுக்கு, வெளிச்சம் வந்து ஆறு மணிக்கு வந்தாலும் பரவாயில்ல, மோட்டர நிரப்பி வைக்கிற வேலைய மாமா பாப்பார், தம்பி மத்தியானம். வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கு வந்தா மாமாவும் தம்பியும் கோயிலடியிலதான் நிப்பாங்க, அத தடுக்கவும் ஏலாது தடுக்கவும் கூடாது, அந்த நாளுக்கு காக்காவும் அவர் கூட்டிக்கொண்டு வாற ஒருத்தரும். நோன்பு காலத்துல மத்தியான வெயில்ல காக்காவ போடாம விடியத்துக்கு மாத்துங்க. கதிர்காமத்துக்கு நடந்து போற காலத்துல அம்பாறைக் கரையோரத்துல ஆள் குறையும், அதயும் முதலே கேட்டு எழுதி வைங்க. ரெண்டு ஊர் ஆக்களும் இரிக்கிற தோட்டத்துக்கு இதுதான் பெரிய வசதி, ஒருத்தரிட பெருநாளுக்கு மற்றவர் நிப்பார். எனக்கு எல்லாரும் ஒரே ஊர் ஆக்களா இரிந்தாத்தான் பயம்.

சம்பளம் எப்பிடி பேசுறது

இதில கறாரா இரிக்கிறன் எண்டு நினைச்சு கன பேர் ஆள இழக்கிறாங்க. மோட்டர் ஓடின மணித்தியாலத்துக்கு மட்டும் காசு எண்டு பேசினா, கரண்ட் வராத நாள் அந்த மனிசன் சும்மா வந்து சும்மா போறார், ரெண்டாம் தடவை அவர் "கரண்ட் வந்திட்டா எண்டு கோல் எடுங்க, அப்ப வாறன்" எண்டு சொல்வார், அவர் வந்து சேர முக்கால் மணித்தியாலம், உங்கட விடியத் துண்டு பாதி போச்சு. துண்டுக்கு இவ்வளவு எண்டு பேசுங்க. குறிச்ச நேரத்துக்கு வந்தா கரண்ட் வந்தாலும் வராட்டியும் அந்த காசு. கரண்ட் வராத நேரத்துக்கு வேற வேலை முதலே சொல்லி வைக்கலாம், களை புடுங்குறது, வாய்க்கால் வரம்பு கட்டுறது, கச்சானுக்கு மண் அணைக்கிறது. ஆனா மத்தியானத் துண்டு முடிஞ்ச பிறகு கரண்ட் பிந்தி வந்திச்செண்டு அவர நிக்க வைக்கிறதெண்டா அதுக்கு தனிக் காசு.

விடிய 5.45க்கு வாற மாமாவ 8 மணிக்கு அனுப்பி திரும்ப 11.45க்கு கூப்பிடுறம், நடுவுல நாலு மணித்தியாலம். வீடு பக்கமெண்டா போய் வருவார், தூரமெண்டா அங்கதான் இரிப்பார். அப்பிடியெண்டா நிழல்ல ஒரு கொட்டிலும் சாப்பாடும் உங்கட பொறுப்பு. ரெண்டரை மணித்தியாலம் வெயில்ல சால் மாத்துற மனிசனுக்கு மத்தியானச் சாப்பாடு 11.30க்கே முடியணும், 12 மணிக்கு மோட்டர் ஓடத் தொடங்கினா 2.35 வரைக்கும் மம்பட்டிய கீழ வைக்க ஏலாது.

தவறின நாள்

வெட்டு நேரம் திடீரெண்டு மாறும், இல்லாட்டி லைன் அறுந்து பகல் முழுக்க வராது. அந்த நேரத்துக்கு ஒரு ஒழுங்கு முதலே பேசி வைக்காட்டி ஆளுக்கொரு பக்கம் தண்ணி கட்டுவாங்க. நாங்க வெச்ச முறை லேசானது. அரை ஆள் உயரக் கம்பு ஒண்டுல சிவப்புத் துணி கட்டி ஒவ்வொரு பயிருக்கும் ஒண்டு. தண்ணி எந்த சாலோட நிண்டிச்சோ அந்த சால்ட தலைப்புல தண்ணி கட்டுறவர் அந்தக் கம்ப குத்திட்டுத்தான் போகணும். அடுத்த துண்டுக்கு யார் வந்தாலும் கம்பு நிக்கிற இடத்துல இருந்துதான் தொடங்கணும், அந்த நாளைக்கு எழுதின பங்குல இருந்து இல்ல. ஒரு நாள் தவறினா வரிசை ஒரு நாள் பின்னால போகும், ஆனா ஒரு பங்கும் முழுசா விடுபடாது. இத செய்யாம பங்கு நம்பர் படி போன தோட்டத்துல ஒரே பங்கு ரெண்டு தரம் விடுபட்டு பன்னிரெண்டு நாளைக்கு தண்ணியில்லாம நிக்கும், பக்கத்துப் பங்கு பச்சையா நிக்கும், அதப் பாத்து நோய் எண்டு மருந்தும் அடிப்பாங்க.

ரெண்டு நாள் தொடந்து தவறினா வரிசைய விட்டிட்டு பயிரப் பாக்கணும். கச்சான் பூத்து விழுது மண்ணுக்குள்ள இறங்கிற நேரமெண்டா அதுக்கு முதல்ல குடுங்க, காஞ்சு இறுகின மண்ணுக்குள்ள விழுது இறங்காது, அந்த நட்டத்த பிறகு எவ்வளவு தண்ணி ஊத்தியும் எடுக்க ஏலாது. கொச்சிக்கா பூவுல நிண்டா அது ரெண்டாவது. வெண்டி ரெண்டு நாள் பொறுக்கும், காய் கொஞ்சம் முத்தும், அவ்வளவுதான். கச்சான் அறுவடைக்கு ரெண்டு கிழமை கிடக்கெண்டா ஒழுங்கு அப்பிடியே தலைகீழ், அதக் கடைசியில வைக்கலாம்.

மோட்டர் ஆளும் தண்ணி கட்டுறவரும் கதைச்சு முடிவெடுக்கட்டும் எண்டு விடாதீங்க. மாமாக்கு அனுபவம் இரிக்கும், தம்பி அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேச மாட்டார், அதனால பிழையெண்டாலும் நடந்திரும். அந்த கிழமைக்கு எது முதல் எண்டு கொப்பியிட முன் மட்டையில பெரிசா நீங்களே எழுதி வைங்க, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தோட்டத்த சுத்திப் பாத்து மாத்தி எழுதுங்க.

டாங்கி, மிசின்

கரண்ட் வாற நேரம் டாங்கியில நிரப்பி வெச்சா ஆளயே குறைக்கலாமே எண்டு கேப்பாங்க. 2,000 லீற்றர் டாங்கி இந்த மோட்டருக்கு எட்டு நிமிசம், ஒரு நாள் தேவைக்கு அப்பிடி 31 டாங்கி வேணும். நாற்று மேடைக்கும் மருந்து கலக்கவும் ஆக்கள் கை கால் கழுவவும் டாங்கி நல்லம், சால் பாச்சலுக்கு இல்ல. சொட்டு நீர் போட்ட தோட்டமெண்டா தண்ணி குறையத் தேவை, அங்க டாங்கி கொஞ்சம் கை குடுக்கும்.

மண்ணெண்ணெய் மிசின் ஒண்டு அவசரத்துக்கு வெச்சிரிக்கிறது நல்லம், ஆனா ரெண்டு நாள் தவறினா மட்டும் எண்டு வையுங்க, இல்லாட்டி விடியக்காலம் ஆள் பிந்துற நாளெல்லாம் மிசின் ஓடும், செலவு கணக்கு மாச முடிவுலதான் தெரியும். அத ஓட்டக்குள்ளயும் கிணத்துக்கணக்கு அதேதான், ரெண்டும் ஒரே கிணத்துலதான் இழுக்குது.

ஆக்களுக்குச் சொல்லி வைக்க வேண்டிய இன்னும் ரெண்டு விசயம். ஒண்டு, கொட்டிலுக்கு ட்ரிப் சுவிட்ச் இல்லாம வேலை தொடங்காதீங்க, தண்ணி கட்டுறவர் ஈரக்காலோடயும் ஈரக்கையோடயும் வந்துதான் சுவிட்சத் தொடுவார், மோட்டர் ஆள் மட்டும்தான் சுவிட்ச் தொடலாம் எண்டு சட்டம் வைங்க, கொட்டில் நிலத்துல காஞ்ச பலகை ஒண்டு போட்டு அதில செருப்போட நிண்டு போடட்டும். மற்றது, யானைக்கெண்டு மோட்டர் லைன்ல இருந்து வேலிக்கு வயர் இழுக்கிற பழக்கம் சில இடங்கள்ள இரிக்கு. அது சட்டத்துக்கு விரோதம், யானை சாகும், விடியக்காலம் கரண்ட் வாறதுக்கு முதல் இருட்டுல கொட்டிலுக்கு நடந்து வாற உங்கட ஆளும் சாவார். வெட்டு நேரத்துல வயர் செத்துக் கிடக்கெண்டு தொடுற ஆளுக்கு கரண்ட் எப்ப திரும்பி வரும் எண்டு தெரியாது. அப்பிடி வயர் கிடக்கிற பக்கத்துத் தோட்டத்துக்கூடாக உங்கட ஆக்கள் நடக்கிறதெண்டா பாதைய மாத்துங்க, கொஞ்சம் சுத்துத்தான், அந்த நேரத்தயும் வாற நேரத்துல சேத்து 5.45க்குப் பதிலா 5.35 எண்டு எழுதுங்க.